எச்.பி.யும் கிலோவாட்டும்: வயலுக்குத் தண்ணீர் பம்ப் வாங்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

5 எச்.பி. மோட்டார்னா எத்தனை கிலோவாட்? கணக்கு சுருக்கமா சொல்லுங்க.

3.7 கிலோவாட். எச்.பி.யை 0.746 ஆல் பெருக்கினால் கிலோவாட் வரும். கிலோவாட்டை எச்.பி. ஆக்க 1.34 ஆல் பெருக்க வேண்டும். கடையில் நின்றுகொண்டே போடும் மனக்கணக்குக்கு "முக்கால் பங்கு" போதும்: 10 எச்.பி.யில் முக்கால் ஏழரை, 2 எச்.பி.யில் முக்கால் ஒன்றரை.

5ஐ 0.746 ஆல் பெருக்கினால் 3.73 வருகிறதே, மோட்டார் தகட்டில் 3.7 என்றுதானே இருக்கிறது என்று குழம்ப வேண்டாம். மோட்டார்கள் நிலையான அளவுகளில்தான் வருகின்றன. 1 எச்.பி. 0.75, 2 எச்.பி. 1.5, 3 எச்.பி. 2.2, 5 எச்.பி. 3.7, ஏழரை எச்.பி. 5.5, 10 எச்.பி. 7.5, பன்னிரண்டரை எச்.பி. 9.3, 15 எச்.பி. 11 கிலோவாட். ஒரு பம்ப்பில் 3.7, இன்னொன்றில் 3.73 என்று எழுதியிருந்தால் இரண்டும் ஒரே அளவுதான்.

சில இடத்துல 0.746னு போட்டிருக்கு, சில இடத்துல 0.7355. எது சரி?

இரண்டும் சரி. 0.746 என்பது மின் மோட்டார்களுக்குப் பயன்படும் எச்.பி. மற்றது மெட்ரிக் எச்.பி.: 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கும் திறன். சில டீசல், பெட்ரோல் இன்ஜின் தகடுகளில் PS என்று இருப்பது இதுதான். வித்தியாசம் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. 5 எச்.பி.க்கு ஒன்று 3.73, மற்றது 3.68. பம்ப் தேர்வில் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

உண்மையில் கை சுடும் இடம் வேறு. தண்ணீரைத் தூக்கும் திறனைக் கணக்கிடும்போது, நொடிக்கு எத்தனை லிட்டர் என்பதை மீட்டரில் உயரத்தால் பெருக்கி, எச்.பி. வேண்டுமானால் 75ஆலும் கிலோவாட் வேண்டுமானால் 102ஆலும் வகுப்பார்கள். 75ஆல் வகுத்துவிட்டு வந்த விடையைக் கிலோவாட் என்று எழுதிக்கொண்டால், தேவையைவிட 36 சதவீதம் பெரிய மோட்டாருக்குப் பணம் கட்ட வேண்டிவரும். 3 எச்.பி. போதுமான இடத்தில் 5 எச்.பி. வந்து உட்காருவது பல நேரம் இப்படித்தான்.

தகட்டுல 3.7 kW போட்டிருக்கு. அப்ப மணிக்கு 3.7 யூனிட் ஓடுமா?

ஓடாது. தகட்டில் இருப்பது மோட்டாரின் ஷாஃப்ட் வெளியே தரக்கூடிய திறன். அதைத் தர, மோட்டார் லைனிலிருந்து இன்னும் அதிகமாக இழுக்கும்.

ஒரே பம்ப்செட்டில் மூன்று கிலோவாட் இருக்கின்றன. முதலாவது லைனிலிருந்து மோட்டார் வாங்குவது. இரண்டாவது மோட்டார் ஷாஃப்டில் தருவது. தகட்டில் உள்ள எச்.பி.யும் கிலோவாட்டும் இதைத்தான் சொல்கின்றன. மூன்றாவது தண்ணீருக்குப் போய்ச் சேர்வது. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மோட்டாரின் நட்டம், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் பம்ப்பின் நட்டம். போர்வெல்லில் இறங்கும் 5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டாரின் திறன் விகிதம் 76 சதவீதம் என்று வைத்தால், முழு லோடில் அது இழுப்பது 3.7 வகுத்தல் 0.76, அதாவது கிட்டத்தட்ட 4.9 கிலோவாட். தரையில் வைக்கும் மோட்டார் அதே வேலைக்குச் சுமார் 4.3 கிலோவாட்டில் முடித்துவிடும். குழிக்குள் இறங்க வேண்டுமே என்று ஒல்லியாகவும் நீளமாகவும், உள்ளே தண்ணீர் நிரப்பியும் செய்யும் மோட்டாரில் நட்டம் கூடத்தான் செய்யும்.

இறக்குமதி பம்ப் சிலவற்றின் தகட்டில் P1, P2 என்று இரண்டு எண்கள் இருக்கும். P1 லைனிலிருந்து இழுப்பது, P2 ஷாஃப்டில் தருவது. நம்மூர் எச்.பி.யோடு ஒப்பிட வேண்டியது P2. P1ஐப் பார்த்து "இது பெரிய மோட்டார்" என்று ஏமாறுகிறவர்கள் உண்டு.

சென்னையில இருக்கோம், திருவள்ளூர் பக்கம் நிலம். போர் போட்டாச்சு. எத்தனை எச்.பி. வேணும்னு எப்படிக் கணக்குப் போடறது?

எச்.பி.யில் தொடங்கினால் தப்பாகத்தான் முடியும். தண்ணீரில் தொடங்கி, கிலோவாட்டுக்கு வந்து, கடைசியில் எச்.பி.க்கு மாற்றுங்கள்.

ஒரு போரை எடுத்துக்கொள்வோம். அது நொடிக்கு 4 லிட்டர் தொடர்ந்து கொடுக்கிறது, அதாவது மணிக்கு 14,400 லிட்டர். சும்மா இருக்கும்போது தண்ணீர் 20 மீட்டரில் நிற்கிறது. அந்த வேகத்தில் இறைக்க இறைக்க மட்டம் இறங்கி 38 மீட்டரில் நிலைக்கிறது. கணக்குக்கு எடுக்க வேண்டியது 38, இருபது அல்ல. "தண்ணி அறுபத்தஞ்சு அடியிலேயே இருக்கு சார்" என்று போர்க்காரர் சொல்வது ஓய்வில் இருக்கும் மட்டம். பம்ப் ஓடத் தொடங்கினதும் அது அங்கே நிற்காது.

38 மீட்டரோடு, தரைக்கு மேல் தொட்டி வாய் வரை 2 மீட்டர். போருக்குள் 45 மீட்டர், வெளியே வயல் தொட்டி வரை 60 மீட்டர், ஆக 105 மீட்டர் குழாய். உள்விட்டம் 65 மில்லிமீட்டர் உள்ள, நம்மவர்கள் இரண்டரை இன்ச் என்று சொல்லும் பிளாஸ்டிக் குழாயில் இந்த ஓட்டத்துக்கு உராய்வு சுமார் 2.6 மீட்டர். பெண்டு, நான்-ரிட்டர்ன் வால்வு எல்லாம் சேர்த்து 4 மீட்டர் என்று வைக்கலாம். உராய்வையும் சேர்த்துப் பம்ப் ஏற்ற வேண்டிய மொத்த உயரம்தான் ஹெட்: 38 + 2 + 4 = 44 மீட்டர்.

இப்போது கணக்கு:

```
தண்ணீருக்கு    : 4 × 44 ÷ 102 = 1.73 கிலோவாட்
ஷாஃப்டில்       : 1.73 ÷ 0.60  = 2.88 கிலோவாட்
10% கூட்டி      : 2.88 × 1.10  = 3.17 கிலோவாட்
எச்.பி.யில்      : 3.17 ÷ 0.746 = 4.25 எச்.பி.
```

0.60 என்பது பம்ப்பின் திறன் விகிதம். நல்ல போர் பம்ப் அதன் சரியான ஹெட்டில் ஓடினால் 60 சதவீதம் எதிர்பார்க்கலாம். கேட்லாக்கில் அந்தப் பம்ப்புக்கே எண் கொடுத்திருந்தால் அதையே போடுங்கள். சில கேட்லாக்கில் மோட்டாரும் பம்ப்பும் சேர்ந்த மொத்தத் திறன் விகிதம்தான் இருக்கும், 40, 45 என்று. அதை இங்கே போட்டால் ஷாஃப்ட் கிலோவாட்டுக்குப் பதிலாக லைனில் இழுக்கும் கிலோவாட் வந்துவிடும், மோட்டார் ஒரு சைஸ் பெரிதாகிவிடும்.

4.25க்கு மேலே பரவலாகக் கிடைக்கும் அளவு 5 எச்.பி., 3.7 கிலோவாட். இதுதான் இந்தப் போருக்கான மோட்டார். கடையில் கேட்கும்போது "5 எச்.பி. பம்ப் கொடுங்க" என்று நிறுத்திவிடாதீர்கள். "44 மீட்டர் ஹெட்டில் நொடிக்கு 4 லிட்டர் தர வேண்டும், 5 எச்.பி." என்று கேளுங்கள்.

பழைய 2 இன்ச் பைப் நிறைய கிடக்கு. அதையே போட்டா என்ன?

போடலாம், ஆனால் அதற்கு விலை இருக்கிறது. அதே 4 லிட்டர் 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் போனால், 105 மீட்டருக்கு உராய்வு மட்டும் 9 மீட்டரைத் தாண்டும். பெண்டு, வால்வோடு 11 மீட்டர். மொத்த ஹெட் 44 இருந்த இடத்தில் 51. தண்ணீருக்கு 2 கிலோவாட், ஷாஃப்டில் 3.33, பத்து சதவீதம் கூட்டினால் 3.67. அதாவது 3.7 கிலோவாட் மோட்டாரில் தாராளமாக இருந்த மிச்சம் மொத்தமும் குழாய்க்குள் போய்விடுகிறது. மொத்தத்தில் 0.6 எச்.பி. குழாய்ச் சுவரைத் தேய்ப்பதற்கே செலவு, அதுவும் பம்ப் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும். எச்.பி.யைக் கூட்டுவதா குழாயைப் பெரிதாக்குவதா என்று நிற்கும் இடத்தில் எங்கள் ஓட்டு எப்போதும் குழாய்க்குத்தான்.

எதுக்கு இவ்வளவு கணக்கு? ஏழரை எச்.பி. போட்டா தண்ணி அதிகமா வருமே?

போர் கொடுத்தால்தானே வரும். மேலே சொன்ன போரின் ஊற்று நொடிக்கு 4 லிட்டர். அதில் 6 லிட்டர் இழுக்கும் பம்ப்பை இறக்கினால் மட்டம் 38ஐத் தாண்டி இறங்கிக்கொண்டே போகும், பம்ப்பின் வாய் வரை வந்துவிடும். தண்ணீர் விட்டு விட்டு வரும், காற்றோடு சேர்ந்து கக்கும், மணல் வரத் தொடங்கும். சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பது சுற்றிப் போகும் தண்ணீர்தான். அது இல்லாமல் ஓடினால் முதலில் பேரிங், பிறகு காயில். டெலிவரி வால்வை மூடி ஓட்டத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். அப்படிச் செய்தால் கூடுதல் எச்.பி. வால்வில் வீணாகிறது, அவ்வளவுதான்.

போரின் ஊற்றை "ரெண்டு இன்ச் தண்ணி, மூணு இன்ச் தண்ணி" என்று சொல்வார்கள். அதை வைத்துப் பம்ப் வாங்காதீர்கள். வாடகைப் பம்ப் இறக்கி, சில மணி நேரம் ஓடவிட்டு, 200 லிட்டர் டிரம் எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 50 நொடி என்றால் நொடிக்கு 4 லிட்டர்.

ரெண்டு கடையில ரெண்டு பம்ப். ரெண்டும் 5 எச்.பி., 3.7 கிலோவாட். ஒண்ணு 8 ஸ்டேஜ், ஒண்ணு 15 ஸ்டேஜ். விலையும் வேற. எதை எடுக்க?

கிலோவாட் ஒன்றாக இருப்பதால் பம்ப் ஒன்றாகிவிடாது. 3.7 கிலோவாட்டை 60 சதவீதப் பம்ப்பில் கொடுத்தால் தண்ணீருக்குப் போவது 2.2 கிலோவாட். அதை நொடிக்கு ஏழரை லிட்டராக 30 மீட்டர் ஏற்றவும் பயன்படுத்தலாம், 4 லிட்டராக 56 மீட்டரும் ஏற்றலாம், 2 லிட்டராக 113 மீட்டரும் ஏற்றலாம். பம்ப்புக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் இம்பெல்லர்கள்தான் ஸ்டேஜ். அதே எச்.பி.யில் ஸ்டேஜ் கூடக் கூட உயரம் கூடும், தண்ணீர் குறையும்.

இங்கே ஒரு விபரீதம் இருக்கிறது. "ஹெட் அதிகமா இருந்தா நல்லதுதானே" என்று 80 மீட்டர் பம்ப்பை 30 மீட்டர் வேலைக்கு இறக்கினால், எதிர்ப்பு குறைந்ததும் பம்ப் தண்ணீரை அதிகமாகத் தள்ளும். இந்த வகை பம்ப்களில் ஓட்டம் கூடினால் ஷாஃப்ட் லோடும் பொதுவாகக் கூடும். ஆம்பியர் தகட்டில் உள்ளதைத் தாண்டும், லோடு கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழும். ரிலேவைத் திருகி ஏற்றிவிட்டால் கொஞ்ச நாளில் காயில் கருகும். "அஞ்சு எச்.பி. போதல, அதான் எரிஞ்சுடுச்சு" என்று ஏழரை எச்.பி. வாங்க வருகிறவர்களில் சிலருக்கு உண்மையில் தேவைப்பட்டது ஸ்டேஜ் குறைந்த 5 எச்.பி.

தகட்டில் ஹெட் வரம்பு 30-65 என்பதுபோல் இருக்கும். உங்கள் 44 அந்த வரம்பின் நடுப்பக்கம் விழ வேண்டும். மழைக்குப் பிறகு மட்டம் ஏறும், சித்திரை வைகாசியில் இறங்கும், இரண்டும் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். போர் சப்மெர்சிபிளுக்கு ஐ.எஸ். 8034, கிணற்று சப்மெர்சிபிளுக்கு ஐ.எஸ். 14220, மோனோபிளாக்குக்கு ஐ.எஸ். 9079 என்ற எண் தகட்டில் இருந்தால், ஹெட், லிட்டர், அதிகபட்ச ஆம்பியர், மொத்தத் திறன் விகிதம் எல்லாம் அதிலேயே கிடைக்கும்.

கிலோவாட்டை வச்சு ஆம்பியர் சொல்ல முடியுமா? ஓ.எல். ரிலேவ எதுல வைக்கிறது?

மூன்று ஃபேஸ், 415 வோல்ட், தரையில் வைக்கும் மோட்டார் என்றால் "எச்.பி.க்கு ஒன்றரை ஆம்பியர்" என்ற எலக்ட்ரீஷியன் கணக்கு ஏறத்தாழ சரி: 5 எச்.பி.க்கு ஏழரை. சப்மெர்சிபிளுக்கு அது போதாது. லைனில் 4.9 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.83 என்றால் 8.2 ஆம்பியர் வரும். ரிலேவை எப்போதும் தகட்டு ஆம்பியரில்தான் வைக்க வேண்டும், எச்.பி. கணக்கில் அல்ல.

வோல்ட் விழுந்தால் இந்த எண் மாறும். மோட்டார் அதே கிலோவாட்டைத் தர முயல்வதால், 415 இருக்க வேண்டிய இடத்தில் 350 வந்தால் 8.2 கிட்டத்தட்ட 9.7 ஆம்பியர் ஆகிறது. தகடு சொல்லும் ஆம்பியருக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதால்தான் முன்பு பத்து சதவீதம் கூட்டினோம். லைன் மோசமான இடமாக இருந்தால் கூட்ட வேண்டியது அதற்கு மேல், 15 சதவீதம் வரை.

பம்ப் இறக்கியாச்சு. கணக்குப்படிதான் ஓடுதான்னு எப்படிப் பாக்கறது?

கிளாம்ப் மீட்டரும் 200 லிட்டர் டிரம்மும் போதும். அரை மணி நேரம் ஓடிய பிறகு, மூன்று ஃபேஸிலும் ஆம்பியரைத் தனித்தனியாகப் பாருங்கள். ஃபேஸ்களுக்கு இடையே வோல்ட்டையும் பாருங்கள். நம் உதாரணப் பம்ப்பில் 405 வோல்ட், 6.8 ஆம்பியர், முழு லோடு இல்லாததால் பவர் ஃபேக்டர் 0.80 என்று வைத்துக்கொள்வோம்:

```
1.732 × 405 × 6.8 × 0.80 ÷ 1000 = 3.8 கிலோவாட்
```

இது லைனில் இழுப்பது. 0.76 ஆல் பெருக்கினால் ஷாஃப்டில் 2.9 கிலோவாட், அதாவது நாம் காகிதத்தில் போட்ட 2.88 தான். டிரம் 50 நொடியில் நிரம்பினால் பம்ப் சொன்னபடி ஓடுகிறது.

ஆம்பியர் குறைவு, டிரம்மும் மெதுவாக நிரம்புகிறது என்றால் மட்டம் நினைத்ததைவிடக் கீழே போயிருக்கிறது, அல்லது பில்டர் அடைத்திருக்கிறது. ஆம்பியர் சரியாக இருந்து தண்ணீர் மட்டும் குறைந்தால் போருக்குள் குழாய் மூட்டு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பம்ப்பை நிறுத்தியதும் மேலிருந்து தண்ணீர் சரசரவென்று இறங்கும் சத்தம் கேட்டால் சந்தேகம் உறுதி, கசிவு இல்லையென்றால் நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்கவில்லை. புதுப் பம்ப்பில் ஆம்பியரும் பாதி, தண்ணீரும் பாதி என்றால் பெரும்பாலும் சுற்று தலைகீழ்: எந்த இரண்டு ஃபேஸையாவது மாற்றிக் கட்டினால் சரியாகிவிடும். ஒரு ஃபேஸில் மட்டும் ஆம்பியர் தனியாகத் தூக்கி நின்றால் லைன் வோல்ட்டையும் கேபிள் மூட்டையும் முதலில் பாருங்கள், மோட்டாரை மேலே தூக்குவது அப்புறம்.

5 எச்.பி. சோலார் பம்ப்புக்கு 3.7 கிலோவாட் பேனல் போதாதா? ஏன் 4.8 கேக்கறாங்க?

3.7 ஷாஃப்டில் வர வேண்டியது. பேனல் கொடுக்க வேண்டியது அதற்கு முன்னால் உள்ள எண்ணை. அதோடு பேனலின் வாட், ஆய்வகத்தில் 25 டிகிரியில் அளந்தது. சென்னைப் பக்கத்து மதிய வெயிலில் பேனல் அதைவிடச் சூடாகும், கொடுக்கும் வாட் குறையும். அதனால்தான் மத்திய அரசின் சோலார் பம்ப் அளவீடுகளில் 3 எச்.பி.க்கு 3,000 வாட், 5 எச்.பி.க்கு 4,800 வாட் பேனல் என்று வைத்திருக்கிறார்கள். அவ்வளவு இருந்தும் காலையிலும் மாலையிலும் பம்ப் மெதுவாகத்தான் ஓடும். மணிக்கு 14,400 லிட்டர் என்பதை நாள் முழுக்கப் பெருக்கி எதிர்பார்க்காதீர்கள்.

ஜெனரேட்டர் 7.5 கே.வி.ஏ. இருக்கு. 5 எச்.பி. ஓடுமா?

ஓடும்போது தேவை 4.9 கிலோவாட், பவர் ஃபேக்டரால் வகுத்தால் சுமார் 6 கே.வி.ஏ. காகிதத்தில் இடம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் டைரக்ட் ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும் அந்தச் சில நொடி, ஆம்பியர் ஐந்தாறு மடங்கு எகிறும். 7.5இல் வோல்ட் படுத்துவிடும், மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும். 12.5 அல்லது 15 கே.வி.ஏ. பாருங்கள்.

மின் இணைப்பு விண்ணப்பத்துல எச்.பி.யா, கிலோவாட்டா?

தமிழ்நாட்டில் விவசாய இணைப்பின் லோடு எச்.பி.யில்தான் பேசப்படுகிறது. தகட்டில் உள்ள எச்.பி.யை எழுதுங்கள், லைனில் இழுக்கும் 4.9 கிலோவாட்டை 1.34 ஆல் பெருக்கி ஆறரை எச்.பி. என்று எழுதாதீர்கள். பின்னால் மோட்டாரை மாற்றும்போது எச்.பி. கூடினால், கூடுதல் லோடுக்கு அனுமதி வாங்கிய பிறகே புதுசை இறக்குங்கள். பம்ப் பில்லையும் தகட்டின் ஃபோட்டோவையும் எடுத்து வையுங்கள்; போருக்குள் போய்விட்டால் தகட்டைப் படிக்க முடியாது.